ஓம் மதிப்புகளிலிருந்து பெர் யூனிட்டுக்கு: 66 கே.வி. முதல் 433 வோல்ட் வரையுள்ள சிறு மின்வலையை ஒரே அடிப்படைக்குக் கொண்டுவரும் முழுமையான வழிகாட்டி

பெங்களூருவில் பீன்யா, பொம்மசந்திரா போன்ற தொழிற்பேட்டைகளுக்கு மின்வடிவமைப்புச் செய்யும் அலுவலகங்களில் சேரும் நம் ஊர்ப் பொறியாளர்களுக்குப் பெர் யூனிட் சூத்திரங்கள் மனப்பாடமாகவே தெரியும். ஆனால் மூன்று மின்னழுத்த நிலைகள் கொண்ட ஒரு வரைபடத்தை மேசையில் வைத்து, சில உறுப்புகளுக்கு ஓமிலும், சிலவற்றுக்குச் சதவீதத்திலும், ஒன்றுக்கு எம்.வி.ஏ. கணக்கிலும் விவரம் கொடுத்தால், எந்த வரிசையில் தொடங்குவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே ஒரே ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் படிப்படியாக எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டு இதுதான். 66 கே.வி. துணைமின்நிலையத்திலிருந்து 4 கிலோமீட்டர் மேல்நிலைக் கம்பி வழியாக ஒரு தொழிற்சாலை வளாகத்துக்கு மின்சாரம் வருகிறது. அங்கே 12.5 எம்.வி.ஏ., 66/11 கே.வி. டிரான்ஸ்பார்மர் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து 1.5 கிலோமீட்டர் 11 கே.வி. கேபிள், பிறகு 1000 கே.வி.ஏ., 11/0.433 கே.வி. டிரான்ஸ்பார்மர், அதன்பின் 30 மீட்டர் தாழ்வழுத்தக் கேபிள், கடைசியில் பிரதான பேனல். அந்தப் பேனலில் மும்முனைக் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் எவ்வளவு மின்னோட்டம் பாயும், அங்கே 25 கே.ஏ. பிரேக்கர் போதுமா என்பதே கேள்வி. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை; எந்தக் குறிப்பிட்ட நிலையத்தின் விவரமும் அல்ல.

## 1. கணக்குக்கு முன் சேகரிக்க வேண்டியவை

முதலில் ஒற்றைக்கோட்டு வரைபடத்தை வரைந்து, ஒவ்வொரு உறுப்பின் அருகிலும் கிடைத்த மதிப்பை அது கிடைத்த வடிவத்திலேயே எழுத வேண்டும். மாற்றும் வேலையை இப்போதே தொடங்கக் கூடாது. மூல மதிப்பும் மாற்றிய மதிப்பும் ஒரே தாளில் கலந்துவிட்டால், பின்னால் பிழை வந்தபோது எது எங்கிருந்து வந்தது என்று யாராலும் பிரித்தறிய முடியாது.

மூலப் பக்கத்துக்குத் துணைமின்நிலையப் பஸ்ஸின் ஃபால்ட் லெவல் வேண்டும். கர்நாடகத்தில் 66 கே.வி. பரிமாற்ற நிறுவனமான கே.பி.டி.சி.எல். வசம் இருப்பதால், அதை அவர்களிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவதே முறை. நம் எடுத்துக்காட்டில் அது 1500 எம்.வி.ஏ. என்று கொள்வோம்.

டிரான்ஸ்பார்மர்களுக்குப் பெயர்ப்பலகையின் புகைப்படம் வேண்டும். வரைபடத்தில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது. பலகையில் நான்கு செய்திகளைப் பார்க்க வேண்டும்: கொள்ளளவு, இரு பக்க மின்னழுத்தங்கள், இம்பீடன்ஸ் சதவீதம், அந்தச் சதவீதம் எந்த டேப் நிலைக்கு உரியது என்பது. சோதனை அறிக்கையும் கிடைத்தால் சுமை இழப்பையும் குறித்துக்கொள்ளலாம், ஏனென்றால் மின்தடைப் பகுதி அதிலிருந்துதான் வருகிறது.

கேபிளுக்கு நீளம், குறுக்குவெட்டு, எத்தனை கேபிள் இணையாக ஓடுகிறது, கிலோமீட்டருக்கு மின்தடையும் ரியாக்டன்ஸும் எவ்வளவு ஆகியவை வேண்டும். மின்தடை எந்த வெப்பநிலைக்கு உரியது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். உற்பத்தியாளர் அட்டவணையில் 20 டிகிரிக்கு ஒரு நிரலும் 90 டிகிரிக்கு ஒரு நிரலும் இருக்கும். அதிகபட்சக் குறுக்குச்சுற்று மின்னோட்டம் தேடும்போது 20 டிகிரி மதிப்பு. மின்னழுத்த வீழ்ச்சி தேடும்போது சூடான கேபிளின் மதிப்பு. குளிர்ந்த கடத்திக்கு மின்தடை குறைவு என்பதால் மின்னோட்டம் கூடும். பிரேக்கர் தாங்க வேண்டியது அந்தக் கூடுதல் மின்னோட்டத்தைத்தான்.

## 2. எம்.வி.ஏ. அடிப்படையை ஒரே ஒரு முறை தேர்ந்தெடுப்பது

எம்.வி.ஏ. அடிப்படை வலை முழுமைக்கும் ஒன்றுதான். எந்த எண்ணை எடுத்தாலும் இறுதி விடை மாறாது. ஆகவே கையாள எளிதான எண்ணை எடுக்கலாம். பெரிய பரிமாற்ற வலைகளில் 100 எம்.வி.ஏ. வழக்கம். இதுபோன்ற தொழிற்சாலை வலைக்கு 10 எம்.வி.ஏ. எடுப்பதையே நான் விரும்புகிறேன். 100 எடுத்தால் 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் 5.0 என்று வந்து நிற்கும். தவறில்லை, ஆனால் எண்ணைப் பார்த்ததும் சரியா தவறா என்று சொல்லும் பழக்கம் புதியவருக்கு வர அது தடையாக இருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த 10 எம்.வி.ஏ. மும்முனைத் திறன் என்பது. இதற்கு இணையான மின்னழுத்தம் எப்போதும் கோட்டு மின்னழுத்தம். இரண்டில் ஒன்றை மட்டும் ஒரு முனைக்கு மாற்றிவிடுவது, நான் திருத்தும் தாள்களில் அடிக்கடி காணும் பிழை. அதன் விளைவை 4ஆம் படியில் காட்டுகிறேன்.

## 3. மின்னழுத்த அடிப்படையை டிரான்ஸ்பார்மர் வழியாக நடத்திச் செல்வது

இந்தப் படியில்தான் பெரும்பாலான தவறுகள் நிகழ்கின்றன. எம்.வி.ஏ. அடிப்படை வலை முழுதும் மாறாமல் இருக்க, மின்னழுத்த அடிப்படை ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரையும் கடக்கும்போது மாற வேண்டும். அப்படி மாறும் விகிதம், அந்த டிரான்ஸ்பார்மரின் சுமையற்ற மின்னழுத்த விகிதமாகவே இருக்க வேண்டும். நாம் விரும்பும் பெயரளவு மின்னழுத்தங்களின் விகிதமாக அது இருக்கக் கூடாது.

காரணம் எளிது. டிரான்ஸ்பார்மரின் இம்பீடன்ஸை உயரழுத்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தாழ்வழுத்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பெர் யூனிட்டில் ஒரே எண் வர வேண்டும். அப்போதுதான் வரைபடத்திலிருந்து டிரான்ஸ்பார்மரின் விகிதத்தை அழித்துவிட்டு, எல்லா உறுப்புகளையும் ஒரே தொடராகக் கூட்ட முடியும். அடிப்படை விகிதமும் உண்மை விகிதமும் ஒத்துப்போகாவிட்டால் இந்த வசதியே இல்லாமல் போய்விடும்.

ஆகவே வலையை மூன்று பகுதிகளாகப் பிரித்து வண்ணம் தீட்டிக்கொள்ளுங்கள். முதல் பகுதிக்கு 66 கே.வி. என்று நாமே முடிவு செய்கிறோம். 66/11 டிரான்ஸ்பார்மரைக் கடந்ததும் இரண்டாம் பகுதி 11 கே.வி. ஆகிறது. 11/0.433 டிரான்ஸ்பார்மரைக் கடந்ததும் மூன்றாம் பகுதி 0.433 கே.வி. ஆகிறது. நாம் தேர்ந்தெடுத்தது முதல் பகுதியின் மதிப்பை மட்டுமே. மற்ற இரண்டும் தாமாக வந்தவை.

மூன்றாம் பகுதிக்குப் பலர் 0.415 கே.வி. என்று எழுதுகிறார்கள், ஏனென்றால் மோட்டார், பேனல், விளக்கு எல்லாவற்றிலும் 415 வோல்ட் என்றே அச்சிட்டிருக்கும். ஆனால் 415 என்பது சுமையில் நாம் எதிர்பார்க்கும் மின்னழுத்தம். 433 என்பது டிரான்ஸ்பார்மர் சுமையில்லாமல் தரும் மின்னழுத்தம். இரண்டையும் வர்க்கப்படுத்தினால் இடைவெளி ஏறத்தாழ 9 சதவீதம். நம் எடுத்துக்காட்டில் இந்த ஒரு தவறு இறுதி மின்னோட்டத்தை ஏறக்குறைய 4 சதவீதம் உயர்த்திக் காட்டும்.

இன்னொரு சூழலையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிரதான டிரான்ஸ்பார்மரின் பலகையில் 66/11.5 கே.வி. என்று இருந்தால் என்ன செய்வது? நேர்கோடாகப் போகும் வலையில், இரண்டாம் பகுதியின் அடிப்படையை 11.5 கே.வி. ஆக்கிவிட வேண்டும். அடுத்த டிரான்ஸ்பார்மர் 11/0.433 தான் என்பதால், மூன்றாம் பகுதியின் அடிப்படை 0.433 ஐ 11.5 ஆல் பெருக்கி 11 ஆல் வகுத்துக் கிடைக்கும் 0.4527 கே.வி. ஆகும். விநோதமான எண்ணாகத் தோன்றினாலும் அதுவே சரி. அதைக் கண்டு அஞ்சி 0.433 க்குத் திரும்பிப் போய்விடக் கூடாது. அதே வேளையில், இப்போது 1.0 பெர் யூனிட் மின்னழுத்தம் என்றால் பேனலில் 452.7 வோல்ட் என்று பொருள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வெவ்வேறு விகிதமுள்ள இரண்டு டிரான்ஸ்பார்மர்கள் இணையாக ஓடும் வலையில் இந்த உத்தி செல்லாது. ஒரு வழியாக வந்தால் ஒரு அடிப்படையும் மறு வழியாக வந்தால் வேறு அடிப்படையும் கிடைக்கும். அங்கே ஒன்றைப் பெயரளவு விகிதமில்லாத டிரான்ஸ்பார்மராகத் தனியே மாதிரி அமைக்க வேண்டும். அதைக் கையால் செய்வதைவிட மென்பொருளிடம் கொடுப்பதே நல்லது.

## 4. ஒவ்வொரு பகுதிக்கும் அடிப்படை ஓமையும் ஆம்பியரையும் எழுதி வைப்பது

எந்த உறுப்பையும் தொடும் முன்பு இந்தச் சிறு அட்டவணையை முடித்துவிட வேண்டும். பின்னால் வரும் எல்லாமே இதிலிருந்து ஒரு வகுத்தல்தான்.

```
Zb (ohm) = kV^2 / MVA
Ib (A)   = MVA * 1000 / (1.732 * kV)

66 kV    : Zb = 435.6     Ib = 87.5
11 kV    : Zb = 12.1      Ib = 524.9
0.433 kV : Zb = 0.01875   Ib = 13334
```

கோட்டு மின்னழுத்தத்தைக் கே.வி.யிலும் திறனை எம்.வி.ஏ.யிலும் போட்டால் விடை நேரடியாக ஓமில் வரும் என்பதே இந்தச் சூத்திரத்தின் வசதி. 0.433 க்குப் பதிலாக முனை மின்னழுத்தமான 0.25 ஐ எடுத்து, 10 எம்.வி.ஏ.யை மூன்றால் வகுக்காமல் விட்டால், அடிப்படை ஓம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அந்தப் பகுதியில் ஓமிலிருந்து மாற்றும் ஒவ்வொன்றும் மூன்று மடங்காகத் தெரியும். ஓமில் வந்தவை மட்டும் மூன்று மடங்காகி, சதவீதத்தில் வந்தவை சரியாகவே நிற்பதால், கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க இயலாது.

## 5. ஓமில் உள்ளவற்றை மாற்றுவது

விதி ஒன்றே: உறுப்பின் ஓமை, அது நிற்கும் பகுதியின் அடிப்படை ஓமால் வகுக்க வேண்டும். ஓமை இன்னொரு மின்னழுத்தத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. டிரான்ஸ்பார்மர் விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கிவிட்டு, அதன்மேல் மீண்டும் அடிப்படை ஓமால் வகுப்பவர்கள் ஒரே வேலையை இருமுறை செய்கிறார்கள்.

66 கே.வி. கம்பிக்குக் கிலோமீட்டருக்கு மின்தடை 0.22 ஓம், ரியாக்டன்ஸ் 0.4 ஓம் என்று கொள்வோம். நான்கு கிலோமீட்டருக்கு 0.88 ஓமும் 1.6 ஓமும் ஆகின்றன. 435.6 ஆல் வகுத்தால் மின்தடை 0.0020, ரியாக்டன்ஸ் 0.0037.

11 கே.வி. கேபிள் 240 சதுர மில்லிமீட்டர் அலுமினியம். 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 0.125 ஓம் மின்தடை, ரியாக்டன்ஸ் 0.09 ஓம். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 0.1875 ஓமும் 0.135 ஓமும். 12.1 ஆல் வகுத்தால் 0.0155, 0.0112.

தாழ்வழுத்தக் கேபிள் 300 சதுர மில்லிமீட்டர் அலுமினியம், நான்கு இணையாக, 30 மீட்டர். ஒரு கேபிளுக்குக் கிலோமீட்டருக்கு 0.1 ஓமும் 0.07 ஓமும் என்றால், நான்கால் வகுத்து 0.03 ஆல் பெருக்க 0.00075 ஓமும் 0.000525 ஓமும் கிடைக்கின்றன. 0.01875 ஆல் வகுத்தால் மின்தடை 0.0400, ரியாக்டன்ஸ் 0.0280.

இந்த மூன்று விடைகளையும் ஒருங்கே பாருங்கள். முப்பது மீட்டர் தாழ்வழுத்தக் கேபிள், நான்கு கிலோமீட்டர் 66 கே.வி. கம்பியைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடுக்கிறது. ஓமில் பார்த்தபோது கம்பி 1.6, கேபிள் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த உண்மை கண்ணுக்குத் தெரிவதற்காகத்தான் ஒரே அடிப்படைக்கு மாற்றுகிறோம். மூலப் பக்கத்து எண்ணின் நான்காவது தசமத்துக்காக மணிக்கணக்கில் அலைவதைவிட, தாழ்வழுத்தக் கேபிளின் நீளத்தை நேரில் சென்று அளந்து வருவது விடையை அதிகம் சரியாக்கும்.

இங்கே நேரும் வழக்கமான தவறு, மில்லி ஓமை ஓம் என்று தட்டச்சு செய்வது. 0.75 மில்லி ஓமுக்குப் பதிலாக 0.75 ஓம் என்று எழுதினால் பெர் யூனிட் 40 என்று வரும். குறுக்குச்சுற்று மின்னோட்டம் 333 ஆம்பியர் ஆகிவிடும். அந்த டிரான்ஸ்பார்மரின் முழுச்சுமை மின்னோட்டமே 1333 ஆம்பியர். குறுக்குச்சுற்று மின்னோட்டம் சுமை மின்னோட்டத்தைவிடக் குறைவாக வந்தால், வேறெதையும் தேடாமல் நேராக அலகுகளைச் சரிபாருங்கள்.

## 6. சதவீதத்திலும் எம்.வி.ஏ.யிலும் உள்ளவற்றை மாற்றுவது

மூலத்தின் ஃபால்ட் லெவலை ஓமாக்கத் தேவையில்லை. 10 ஐ 1500 ஆல் வகுத்தால் 0.0067. இதை முழுவதும் ரியாக்டன்ஸ் என்றே கொள்ளலாம்.

டிரான்ஸ்பார்மரின் சதவீதம் அதன் சொந்தக் கொள்ளளவை அடிப்படையாகக் கொண்டது. அதைப் பொது அடிப்படைக்கு மாற்றும் முழுச் சூத்திரம் இது:

```
Zpu_new = Zpu_old * (MVA_new / MVA_old) * (kV_old / kV_new)^2
```

3ஆம் படியைச் சரியாகச் செய்திருந்தால், நம் எடுத்துக்காட்டின் டிரான்ஸ்பார்மர்களுக்குக் கடைசிப் பெருக்கல் ஒன்றாகிவிடும். 12.5 எம்.வி.ஏ., 10 சதவீத டிரான்ஸ்பார்மர் 0.08 ஆகிறது. 1000 கே.வி.ஏ., 5 சதவீத டிரான்ஸ்பார்மர் 0.5 ஆகிறது. இரண்டாவதற்குச் சுமை இழப்பு 10 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், சொந்த அடிப்படையில் மின்தடை 0.01, நம் அடிப்படையில் 0.1. இம்பீடன்ஸின் வர்க்கத்திலிருந்து மின்தடையின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் ரியாக்டன்ஸ் 0.4899. பெரிய டிரான்ஸ்பார்மரின் மின்தடை மிகச் சிறியது என்பதால் விட்டுவிடுகிறேன்.

சில சோதனை அறிக்கைகள் சதவீதத்துக்குப் பதிலாக, உயரழுத்தப் பக்கத்துக்கு உரிய ஓமையே தரும். 12.5 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மருக்கு அது 34.85 ஓம். 66 கே.வி. பகுதியின் 435.6 ஆல் வகுத்தால் 0.08. அதே டிரான்ஸ்பார்மருக்கு 11 கே.வி. பக்க மதிப்பு 0.968 ஓம், 12.1 ஆல் வகுத்தாலும் 0.08. எந்தப் பக்கத்து ஓமோ அந்தப் பக்கத்து அடிப்படை என்பதில் பிசகினால் 36 மடங்கு தவறு வரும். அது மிகப் பெரிது என்பதால் எளிதில் கண்ணில் படும்.

இந்த இரட்டைக் கணக்கை ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முறை வேண்டுமென்றே செய்து பார்க்கச் சொல்கிறேன். 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் தாழ்வழுத்தப் பக்க ஓம் 9.37 மில்லி ஓம், அதை 0.01875 ஆல் வகுத்தால் 0.5 வர வேண்டும். 1.5 வந்தால் 4ஆம் படியில் சொன்ன முனை மின்னழுத்தப் பிழை நடந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

மோட்டார்தான் கடைசிப் பெருக்கல் உயிர் பெறும் இடம். பேனலில் 415 வோல்ட், 200 கிலோவாட் மோட்டார் ஒன்று ஓடுகிறது என்போம். அது எடுக்கும் திறன் ஏறத்தாழ 240 கே.வி.ஏ.; தொடக்க மின்னோட்டம் ஆறு மடங்கு. அப்படியானால் அதன் சொந்த ரியாக்டன்ஸ் ஏறத்தாழ ஆறில் ஒன்று, அதாவது 0.1667. பொது அடிப்படையில் இதை 10 ஆல் பெருக்கி 0.24 ஆல் வகுத்து, 415 ஐ 433 ஆல் வகுத்ததன் வர்க்கமான 0.9186 ஆல் பெருக்கினால் 6.38. இங்கே அடிப்படை மின்னழுத்தம் டிரான்ஸ்பார்மருடையது, மோட்டாருடையது அன்று. அதனால்தான் இந்தத் திருத்தம்.

## 7. கூட்டி, மின்னோட்டத்துக்குத் திரும்புவது

இப்போது மின்தடைகளைத் தனியாகவும் ரியாக்டன்ஸ்களைத் தனியாகவும் கூட்ட வேண்டும். இம்பீடன்ஸின் அளவுகளை நேரடியாகக் கூட்டினால், மின்தடை ஓங்கிய கேபிளும் ரியாக்டன்ஸ் ஓங்கிய டிரான்ஸ்பார்மரும் ஒரே திசையில் இருப்பதாகக் கொண்டதாகிவிடும்; மொத்தம் உண்மையைவிடக் கூடுதலாகவும் மின்னோட்டம் குறைவாகவும் வரும். பிரேக்கர் தேர்வில் அது ஆபத்தான பக்கத்துத் தவறு.

```
                R        X
source          -        0.0067
66 kV line      0.0020   0.0037
T1              -        0.0800
11 kV cable     0.0155   0.0112
T2              0.1000   0.4899
LV cable        0.0400   0.0280
total           0.1575   0.6194     |Z| = 0.639
```

433 வோல்ட் பகுதியின் அடிப்படை மின்னோட்டமான 13334 ஐ 0.639 ஆல் வகுத்தால் 20.9 கே.ஏ. மோட்டார் தரும் பங்கு 13334 ஐ 6.38 ஆல் வகுத்துக் கிடைக்கும் 2.1 கே.ஏ. இரண்டையும் நேரடியாகக் கூட்டுவது சற்று மிகைதான், ஆயினும் பாதுகாப்பான மிகை: மொத்தம் ஏறத்தாழ 23 கே.ஏ.

எந்தப் பகுதியின் அடிப்படை ஆம்பியரை இந்த மொத்தத்தால் வகுக்கிறோம் என்பது எந்த இடத்து மின்னோட்டம் வேண்டும் என்பதைப் பொறுத்தது. பேனலில் பாயும் மின்னோட்டம் வேண்டும், ஆகவே 13334. அதே பழுதுக்காக 11 கே.வி. கேபிளில் பாயும் மின்னோட்டம் வேண்டுமானால், 524.9 ஐ 0.639 ஆல் வகுத்து 821 ஆம்பியர் என்று எழுதலாம். ரிலே அமைப்புக்கு இந்த எண்தான் தேவைப்படும்.

## 8. வேறொரு வழியில் சரிபார்ப்பது

முதல் சோதனை, மேல்வரம்பு. டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் எல்லையற்ற மூலம் இருப்பதாகக் கொண்டால், 1 எம்.வி.ஏ.யை 0.05 ஆல் வகுத்து 20 எம்.வி.ஏ.; 433 வோல்ட்டில் அது 26.7 கே.ஏ. டிரான்ஸ்பார்மர் வழியாக வரும் மின்னோட்டம் ஒருபோதும் இதைத் தாண்டக் கூடாது. நமக்கு வந்த 20.9 இதற்குக் கீழே இருக்கிறது.

இரண்டாம் சோதனை, பெர் யூனிட்டையே தொடாமல் எல்லாவற்றையும் 11 கே.வி. ஓமுக்குக் கொண்டுவருவது. 66 கே.வி. பக்கத்து ஓம்களை 36 ஆல் வகுத்தும், தாழ்வழுத்த ஓம்களை 645.4 ஆல் பெருக்கியும் கூட்டினால், மின்தடை 1.906 ஓம், ரியாக்டன்ஸ் 7.495 ஓம், இம்பீடன்ஸ் 7.73 ஓம். முனை மின்னழுத்தமான 6351 வோல்ட்டை இதனால் வகுத்தால் 821 ஆம்பியர். மேலே கண்ட அதே எண்.

## 9. 25 கே.ஏ. போதுமா என்ற கேள்விக்கு விடை

23 கே.ஏ. என்று வந்ததும் 25 கே.ஏ. பிரேக்கரை எழுதிவிடத் தோன்றும். ஆனால் 5 சதவீதம் என்று உத்தரவாதம் தந்த டிரான்ஸ்பார்மருக்கு 10 சதவீத விலகல் அனுமதி உண்டு. இன்னும் வாங்காத டிரான்ஸ்பார்மர் 4.5 சதவீதத்தோடு வந்து நின்றால், டிரான்ஸ்பார்மர் வழி மின்னோட்டம் 22.6 கே.ஏ. ஆகிறது; மோட்டாரோடு 24.7. பிரதான டிரான்ஸ்பார்மரின் டேப் மாற்றி 11 கே.வி. பஸ்ஸை 5 சதவீதம் உயர்த்தி வைத்திருந்தால் 25.9. ஆகவே இந்தப் பேனலுக்கு அடுத்த வழக்கமான தரமான 36 கே.ஏ.யைத்தான் நான் எழுதுவேன். அடிப்படை மாற்றத்தில் நேரும் 4 சதவீதத் தவறு ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பதும் இதிலிருந்து விளங்கும்: விடைக்கும் தரத்துக்கும் இடையே உள்ள இடைவெளியே சில இடங்களில் அவ்வளவுதான்.

## 10. அதே அட்டவணையை வேறு கேள்விகளுக்குப் பயன்படுத்துவது

ஒருமுறை மாற்றி முடித்த வலை மற்ற கேள்விகளுக்கும் உடனே பதில் தரும். 800 கே.வி.ஏ. சுமை, திறன் காரணி 0.9 என்றால், நம் அடிப்படையில் செயல்திறன் 0.072, எதிர்வினைத் திறன் 0.035. சூடான கேபிளின் மின்தடையைப் போட்டால் மொத்த மின்தடை ஏறத்தாழ 0.173. மின்தடையைச் செயல்திறனாலும் ரியாக்டன்ஸை எதிர்வினைத் திறனாலும் பெருக்கிக் கூட்டினால் வீழ்ச்சி 0.034, பேனலில் சுமார் 418 வோல்ட். 433 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ஏன் 415 வோல்ட் கருவிகளுக்குக் கொடுக்கப்படுகிறது என்பதை இந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

அந்த 200 கிலோவாட் மோட்டாரை நேரடியாக இயக்கினால் மின்னழுத்தம் எவ்வளவு சரியும் என்பதற்கு 0.639 ஐ, 6.38 உடன் 0.639 ஐக் கூட்டியதால் வகுத்தால் போதும்: ஏறத்தாழ 9 சதவீதம்.

## 11. இந்தக் கணக்கு செல்லாத இடங்கள்

மேலே உள்ளவை அனைத்தும் மூன்று முனைகளும் சமமாக இருக்கும் நிலைக்கு மட்டுமே. ஒரு முனை பூமியைத் தொடும் பழுதுக்குப் பூச்சிய வரிசை இம்பீடன்ஸ் வேண்டும். டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்பார்மரில் பூச்சிய வரிசை மின்னோட்டத்தின் வழி மேலே 11 கே.வி. பக்கம் வரை தொடராது, டெல்டாவிலேயே முடிந்துவிடும். பெர் யூனிட் அடிப்படை அங்கும் இதேதான், ஆனால் வரைபடம் வேறு. அதே டெல்டா-ஸ்டார் இணைப்பு தரும் 30 டிகிரி கோண வேறுபாடும் இந்தக் கணக்கில் மறைந்திருக்கிறது. சமநிலைப் பழுதில் அளவை அது பாதிக்காது, இரு பக்க மின்னோட்டங்களை ஒப்பிடும் ரிலேக்களுக்குப் பாதிக்கும்.

முதல் அரைச்சுற்றின் உச்ச மின்னோட்டமும் இதிலிருந்து நேரடியாக வராது. ரியாக்டன்ஸுக்கும் மின்தடைக்கும் உள்ள விகிதம், இங்கே ஏறத்தாழ 4, உச்சத்தை முடிவு செய்கிறது. பேனலின் பஸ்பார் தாங்குதிறனைச் சரிபார்க்கும்போது அந்த விகிதத்தையும் தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். மின்தடையையும் ரியாக்டன்ஸையும் இறுதிவரை பிரித்தே வைத்திருந்தால் அது கையிலேயே இருக்கும்.